மூன்று ஆஃபர் லெட்டர், ஒரே சம்பளம்: பி.எஃப். கணக்கை எப்படிப் பார்ப்பது?

வேலை மாறும் நேரத்தில் இரண்டு, மூன்று ஆஃபர் லெட்டர்கள் கையில் இருந்தால், பெரும்பாலும் முதலில் பார்ப்பது மாதம் கையில் எவ்வளவு வரும் என்பதைத்தான். அதில் தவறில்லை; வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போகின்றன. ஆனால் நிறுவனம் உங்கள் பெயரில் பி.எஃப்.பிலும் பென்ஷனிலும் போடும் பணத்தை மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாக எழுதும். அதைச் சமன்படுத்தாமல் ஒப்பிட்டால், குறைந்த ஆஃபரை அதிகம் என்று எடுத்துக்கொள்ளவும், நல்ல ஆஃபரை வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு.

30 வயதில் தனியார் துறையில் இருக்கும் ஒருவருக்கு வந்த மூன்று ஆஃபர்களை எடுத்துக்கொள்வோம். எல்லாம் மாதக் கணக்கு.

முதல் நிறுவனம் சிடிசி 80,000 ரூபாய் என்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000. அந்த முழு 40,000-க்கும் 12 சதவீதம் பி.எஃப். கட்டுகிறது. இரண்டாவது நிறுவனத்திலும் சிடிசி 80,000, அடிப்படை 40,000. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும் உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும், அதாவது 1,800 ரூபாய்தான் பி.எஃப். மூன்றாவது நிறுவனத்தின் கடிதத்தில் சிடிசி என்ற சொல்லே இல்லை. “மொத்தச் சம்பளம் 74,000, அடிப்படை 37,000, பி.எஃப்., கிராஜுவிட்டி விதிப்படி தனி” என்று இருக்கிறது.

74,000-ஐ 80,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூன்றாவதை ஒதுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சிடிசி என்பது நிறுவனத்துக்கு ஆகும் செலவு. அதற்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும், கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் ஒதுக்கும் 4.81 சதவீதமும் அடங்கியிருக்கும். மொத்தச் சம்பளம் என்பது அவற்றைக் கழித்த பிறகு நிற்பது. மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்தால் இப்படி வரும்:

| | முதல் | இரண்டாவது | மூன்றாவது |
|---|---|---|---|
| நிறுவனத்துக்கு ஆகும் செலவு | 80,000 | 80,000 | 80,220 |
| நிறுவனத்தின் பி.எஃப். பங்கு | 4,800 | 1,800 | 4,440 |
| கிராஜுவிட்டி ஒதுக்கீடு | 1,924 | 1,924 | 1,780 |
| மொத்தச் சம்பளம் | 73,276 | 76,276 | 74,000 |
| உங்கள் பி.எஃப். பிடித்தம் | 4,800 | 1,800 | 4,440 |
| கையில் வருவது | 68,476 | 74,476 | 69,560 |
| பி.எஃப்.புக்குப் போவது | 9,600 | 3,600 | 8,880 |

தொழில் வரியை விட்டுவிட்டேன். வருமான வரியும் இங்கே இல்லை: 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. மூன்று ஆஃபரின் சம்பளமும் அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது கடைசி இரண்டு வரிசைகளையும் கூட்டிப் பாருங்கள். முதல் ஆஃபரில் 78,076. இரண்டாவதிலும் 78,076. மூன்றாவதில் 78,440. 74,000 என்று எழுதியிருந்த நிறுவனம்தான் மூன்றிலும் அதிகம் தருகிறது. முதல் ஆஃபரைவிடக் கையில் 1,084 ரூபாய் கூடுதலாகவும் வருகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சிடிசிக்குள் இருக்கும் நிறுவனப் பங்கு, நிறுவனம் மேலே போட்டுத் தரும் பணம் அல்ல. பேசி முடித்த சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை உங்கள் பி.எஃப். கணக்குக்குத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பி.எஃப். அலுவலகத்துக்குத் தாங்கள் கட்ட வேண்டிய நிர்வாகக் கட்டணம் அரை சதவீதத்தையும், காப்பீட்டுக்கான அரை சதவீதத்தையும் சேர்த்து 13 சதவீதமாக சிடிசியில் எழுதிவிடும். அந்த ஒரு சதவீதம் உங்கள் கணக்குக்கு வராது. ஆகவே எச்.ஆர்.இடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பி.எஃப். சிடிசிக்குள்ளா, வெளியிலா? எத்தனை சதவீதம், எந்தத் தொகைக்கு?” பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பணம் சமம் என்றால் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றுதானா? இன்றைய தேதிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாவதில் கையில் கூடுதலாக வரும் 6,000 ரூபாயை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றது.

பி.எஃப். வட்டியை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். 2015-16-இல் 8.8 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 8.1 வரை இறங்கியது, 2023-24-க்கும் 2024-25-க்கும் 8.25. இதே 8.25 தொடரும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 6,000 வீதம் 20 ஆண்டுகளில் நீங்கள் போட்டது 14.4 லட்சம், கையில் இருப்பது ஏறக்குறைய 35 லட்சம். அதே 6,000-ஐ 6.5 சதவீத வட்டியில் வங்கித் தொடர் வைப்பில் போட்டால் சுமார் 29 லட்சம். ஆறு லட்சம் வித்தியாசம் வட்டியில் மட்டுமே வருகிறது. வங்கி வட்டிக்கு வரி கட்ட வேண்டிய நிலை வந்தால் இடைவெளி இன்னும் கூடும்.

ஆனால் இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்தால் இந்தப் பலன் கைவிட்டுப் போய்விட்டது என்று பொருளில்லை. தன்விருப்பப் பி.எஃப்., அதாவது வி.பி.எஃப். என்று ஒரு வழி இருக்கிறது. உங்கள் பங்கை மட்டும் விருப்பப்படி கூட்டிக்கொள்ளலாம். நிறுவனம் அதற்கு ஈடாகக் கூட்ட வேண்டியதில்லை. வட்டி அதே 8.25. இரண்டாவது ஆஃபரில் 6,000 ரூபாயை வி.பி.எஃப்.புக்குச் சொன்னால், கையில் 68,476, பி.எஃப்.பில் 9,600 என்று அச்சு அசலாக முதல் ஆஃபராகிவிடும். பல நிறுவனங்கள் இந்த விருப்பத்தை ஏப்ரலில் மட்டுமே வாங்கும். சில நிறுவனங்கள் 15,000 வரம்பில் இருப்பவர்களுக்கு இதைச் செய்து தருவதே இல்லை. சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் பங்கும் வி.பி.எஃப்.பும் சேர்ந்து ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரும் வட்டிக்கு வரி உண்டு. மாதக் கணக்கில் அது சுமார் 20,800 ரூபாய்.

முதலும் மூன்றாவதும் எங்கே உண்மையாகவே முந்துகின்றன என்றால், இன்க்ரிமென்டில். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 40,000 என்பது 80,000 ஆகும்போது முதல் நிறுவனத்தில் இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 19,200 தானாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவதில் அன்றும் 3,600தான். 15,000 என்ற அந்த வரம்பு 2014 செப்டம்பர் 1-இல் வைத்தது. ஆண்டுதோறும் நினைவு வைத்து வி.பி.எஃப்.பைக் கூட்டுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சம்பளம் கூடக்கூடச் செலவும் கூடிவிடுகிறது. தானாகக் கூடுவதுதான் வரம்பில்லாத பி.எஃப்.பின் பெரிய பலம் என்பது என் கருத்து.

அடுத்தது வரி. சம்பளம் 12.75 லட்சத்தைத் தாண்டியதும் நிறுவனப் பங்குக்கும் வி.பி.எஃப்.புக்கும் இடையே வேறுபாடு வந்துவிடும். அடிப்படையில் 12 சதவீதம் வரையிலான நிறுவனப் பங்குக்குப் புதிய வரி முறையிலும் வரி இல்லை. உங்கள் பங்கோ வரிக் கழிவு எதுவும் இல்லாத பணத்திலிருந்து போகிறது. 15 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து 15.6. மாதம் 3,000 ரூபாய் நிறுவனப் பங்காகப் போனால் 3,000-மும் கணக்கில் சேரும். அதையே சம்பளமாக வாங்கி வி.பி.எஃப்.பில் போட்டால் 2,532 ரூபாய்தான் மிஞ்சும். ஆண்டுக்கு 5,616 ரூபாய் வித்தியாசம். ஆகவே மேல் சம்பளத்தில் இருப்பவர் 1,800 ரூபாய் பி.எஃப். தரும் நிறுவனத்தில் பேரம் பேசும்போது, “சிடிசியைக் கூட்ட வேண்டாம், முழு அடிப்படைக்கும் பி.எஃப். போடுங்கள்” என்றாலே லாபம்.

அதே இடத்தில்தான் என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் வருகிறது. நிறுவனம் உங்கள் என்.பி.எஸ். கணக்கில் போடும் தொகைக்கு, புதிய வரி முறையில் அடிப்படையில் 14 சதவீதம் வரை வரிக் கழிவு உண்டு. ஆண்டுக்கு 18 லட்சம் சிடிசியும் மாதம் 75,000 அடிப்படையும் உள்ளவருக்கு அது மாதம் 10,500, ஆண்டுக்கு 1,26,000. பி.எஃப்., கிராஜுவிட்டி, நிலைக் கழிவு போக அவர் 15 சதவீத விகிதத்தில் நிற்பார் என்பதால் 19,656 ரூபாய் வரி மிச்சம். நிறுவனத்துக்கு இதில் கூடுதல் செலவில்லை. சிறப்புப் படியைக் குறைத்து என்.பி.எஸ். என்று எழுதினால் போதும். ஆனால் இந்தப் பணம் பி.எஃப். மாதிரி அறிவித்த வட்டியில் வளர்வதில்லை, சந்தையோடு ஏறும், இறங்கும். முடிவில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஆயுள் பென்ஷன் திட்டத்தில் போட வேண்டும். வீடு கட்டப் பணம் தேவைப்படும் 35 வயதுக்காரர் வரி மிச்சத்தை மட்டும் பார்த்து இதில் இறங்கக் கூடாது. நமது உதாரணத்தில் உள்ள 80,000 சம்பளக்காரருக்கு வரியே இல்லை என்பதால் இது இப்போது தேவையும் இல்லை.

பென்ஷனைப் பற்றி நிறையப் பேருக்குத் தெளிவு இல்லை. நிறுவனம் கட்டும் 12 சதவீதமும் பி.எஃப்.புக்குப் போவதில்லை. 15,000 ரூபாய் வரம்புக்குட்பட்டு 8.33 சதவீதம், அதாவது அதிகபட்சம் 1,250 ரூபாய், 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. முதல் நிறுவனத்தில் 4,800-இல் 1,250 போக 3,550 பி.எஃப்.பில் சேரும். இரண்டாவதில் 1,800-இல் 1,250 போனால் பி.எஃப்.பில் சேரும் நிறுவனப் பங்கு 550 ரூபாய்தான். பாஸ்புக்கைத் திறந்து, “என் பங்கு 1,800, அவர்கள் பங்கு 550, ஏமாற்றிவிட்டார்கள்” என்று பதறுபவர்கள் பக்கத்திலிருக்கும் பென்ஷன் பத்தியைப் பார்ப்பதில்லை.

அந்த 1,250-க்கு என்ன கிடைக்கும்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 வரம்புக்குள், பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணி இருந்தால் 2 ஆண்டுகள் கூட்டித் தருவார்கள். நமது 30 வயதுக்காரர் 58 வரை கட்டினால் 28 உடன் 2 சேர்த்து 30 ஆண்டுகள்:

```
15,000 × 30 ÷ 70 = 6,429
```

மாதம் 6,429 ரூபாய், விலைவாசிக்கேற்ப அது உயராது. அதே 1,250-ஐ 28 ஆண்டுகள் பி.எஃப்.பில் போட்டிருந்தால் 8.25 சதவீதத்தில் சுமார் 15.5 லட்சம் சேர்ந்திருக்கும். 6,429 ரூபாய் என்பது அதற்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி மாதிரி, அசலும் திரும்பாது. முதலீடாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் சாகும்வரை வரும், அதன்பின் வாழ்க்கைத் துணைக்குப் பாதி வரும், பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. இதோடு, பணியிலிருக்கும்போது இறந்தால் பி.எஃப். உறுப்பினரின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும் வரும். அதற்கு உங்களிடம் பிடித்தம் கிடையாது. “கன்சல்டன்ட்டாகச் சேருங்கள், முழுப் பணமும் கையில் தருகிறோம்” என்று வரும் நான்காவது வகை ஆஃபரில் இந்த இரண்டும் இல்லை. அதை ஒப்பிடும்போது ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையாவது கழித்துவிட்டுப் பாருங்கள்.

எல்லோருக்கும் இந்தப் பென்ஷன் கிடையாது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாகப் பி.எஃப்.பில் சேர்ந்து, அப்போதே அடிப்படை 15,000-க்கு மேல் இருந்தவர் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினராக முடியாது. நிறுவனத்தின் 12 சதவீதமும் அப்படியே பி.எஃப்.புக்குப் போக வேண்டும். இங்கேதான் சம்பளப் பிரிவுகள் தவறுகின்றன. தகுதி இல்லாதவருக்கும் 1,250-ஐப் பென்ஷனில் கட்டிவிடுவார்கள்; வேலை மாறும்போதோ பணம் எடுக்கும்போதோ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் தெரியவரும். பழைய நிறுவனம் அதைத் திருத்தித் தர வேண்டும், நிறுவனமே மூடியிருந்தால் அலைச்சல்தான். சேர்ந்த இரண்டாம் மாதமே பாஸ்புக்கின் பென்ஷன் பத்தியைப் பாருங்கள். தகுதி இல்லாதவருக்கு அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும்.

தகுதி உள்ளவர் கவனிக்க வேண்டியது 10 ஆண்டுக் கணக்கை. மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். நான்கு நான்கு ஆண்டுகளாக மூன்று இடத்தில் வேலை பார்த்தவர், ஒவ்வொரு முறையும் படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால், அவருக்கு 58-இல் ஒன்றும் வராது. மூன்றையும் ஒரே யு.ஏ.என்., அதாவது நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணின் கீழ் மாற்றிக்கொண்டவருக்கு 12 ஆண்டுகள் கணக்கில் நிற்கும். பி.எஃப். பணத்திலும் இதே கதைதான்: தொடர் பணி ஐந்து ஆண்டு முடியுமுன் எடுத்தால் வரிக்குள் வரும், மாற்றிக்கொண்டால் முந்தைய நிறுவனத்தின் காலமும் அந்த ஐந்தில் சேரும். மாற்றிய பிறகு புதிய பாஸ்புக்கில் பழைய பென்ஷன் தொகை பூஜ்யமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பென்ஷனில் பணம் நகர்வதில்லை, பணிக்காலம்தான் நகர்கிறது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிராஜுவிட்டி ஒதுக்கீட்டை ஒப்பீட்டில் எப்படிச் சேர்ப்பது என்பது, எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் அது உங்கள் பணம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின்படி, நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலும் தகுதி உண்டு. ஆனால் நிறுவனங்கள் அதைத் தாமாக ஏற்பது அரிது. முதல் ஆஃபரில் மூன்று ஆண்டில் விலகினால், சிடிசியில் எழுதியிருந்த 1,924 ரூபாய் 36 மாதத்துக்கு 69,264 ரூபாயாக நிறுவனத்திடமே தங்கிவிடும். ஐந்து ஆண்டு இருந்தால் கணக்கு மாறும்: கடைசி அடிப்படை 50,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆலும் 5-ஆலும் பெருக்க 1,44,231 ரூபாய். ஒதுக்கீடு சேரும்போதிருந்த சம்பளத்துக்கு, வாங்குவது கடைசிச் சம்பளத்துக்கு என்பதால் நீண்ட காலம் இருப்பவருக்கு இது நல்ல லாபம். இரண்டு ஆண்டில் மாறும் எண்ணம் இருந்தால் இந்த வரிசையை அடித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நமது 30 வயதுக்காரருக்கு என் பரிந்துரை மூன்றாவது ஆஃபர். கிடைக்காவிட்டால் முதலாவது. வீட்டுக் கடன் தவணை கழுத்தை இறுக்குகிறது, மாதம் 74,000-க்குக் குறைந்தால் குடும்பம் ஓடாது என்றால் மட்டும் இரண்டாவது. வட்டி அதிகமான தனிநபர் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தாலும் அப்படித்தான், 8.25 சதவீதத்தில் சேமித்துக்கொண்டு 14 சதவீதத்தில் வட்டி கட்டுவதில் பொருளில்லை.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நிறுவனம் பணத்தை உண்மையாகக் கட்டினால்தான். ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு மாதக்கணக்கில் கட்டாமல் இருப்பது, பணமுடையில் இருக்கும் நிறுவனத்தின் முதல் அறிகுறி. கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். epfindia.gov.in தளத்தில் `Establishment Search` என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். கடைசி 12 மாதத்தைப் பாருங்கள். தேதிகள் 14, 15, 15 என்று இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கானது ஒரே நாளில் கட்டப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். 200 பேர் வேலை செய்யும் இடம் என்று சொல்லிவிட்டு 40 பேருக்குத்தான் கட்டுகிறார்கள் என்றால், மற்ற 160 பேர் எந்த வகையில் இருக்கிறார்கள், நீங்கள் எந்த வகையில் சேரப் போகிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

சேர்ந்த பிறகு, ஆதாரோடு இணைந்த உங்கள் யு.ஏ.என். கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசியிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்கு இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் தமிழிலேயே வரும்:

```
EPFOHO UAN TAM
```

சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தமும் இதில் வரும் தொகையும் முதல் மூன்று மாதம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆண்டு வட்டி ஏறுவது சில மாதம் தாமதமாகலாம், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் மாதத் தொகையே இரண்டு மாதமாக வரவில்லை என்றால், சம்பளச் சீட்டின் நகலோடு எச்.ஆர்.க்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பி.எஃப். குறைதீர்ப்புத் தளமான epfigms.gov.in-இல் அதே நகலை இணைத்துப் புகார் பதியுங்கள்.